ஹைலைட்டருக்கு ஒரு தமிழ்ச்சொல்: மடல் விவாதம்

கோலாலம்பூர், பாடக்குறிப்பு எழுதுபவர்

அனைவருக்கும் வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் மணப்பெண் ஒப்பனை கற்பிக்கும் ஒரு சிறு வகுப்புக்காகத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். ஃபவுண்டேஷனை ‘அடிப்பூச்சு’ என்று எழுதியபோது மாணவியர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஹைலைட்டரில்தான் வேலை நின்றுவிட்டது. முதலில் ‘மினுக்கி’ என்று எழுதினேன், வகுப்பே சிரித்தது. ‘மினுக்கிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய்’ என்று வீட்டில் திட்டு வாங்காத பெண் அங்கே ஒருத்தியும் இல்லை. ‘ஒளிர்வி’ என்று மாற்றினால், ஒளிர்வது என்பது தானே ஒளியை உமிழ்வதாகப் பொருள் தருகிறது. இந்தப் பூச்சோ விளக்கை அணைத்தால் தானும் அணைந்துவிடும். ‘பளபளப்பி’ என்றால், எண்ணெய் வழியும் முகமும் பளபளக்கத்தானே செய்கிறது! மாநிறத் தோலில் ஒரே பொருள் ஒருத்திக்குப் பொலிவாகவும் இன்னொருத்திக்குப் பிசுக்காகவும் தெரிவது ஏன் என்பதை ஓரளவாவது சுட்டும் சொல் கிடைத்தால் நல்லது.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர், இதற்கு நான் வகுப்பறையில் நெடுங்காலம் பயன்படுத்திய சொல் ‘வண்ணக்கோடி’ என்பதாகும். முக்கியமான வரிகளை மாணவர்கள் மஞ்சள் வண்ணக்கோடியால் தீட்டுவார்கள். அதன் மை கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். அடியில் உள்ள எழுத்தை மறைக்கும் வெள்ளை மை இதற்கு உதவாது. முகத்தில் தீட்டுவதைப் பற்றி மடலில் ஏன் எழுதியிருக்கிறீர்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

பினாங்கு, லெபோ பசாரில் அழகுப்பொருள் கடை வைத்திருப்பவர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இது பேனா அன்று, கன்னத்தில் பூசும் பொருள். சொல்லை நீங்கள் தேடுங்கள். என் கடைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இரண்டே செய்திகள்தாம். நம் நிறத்துக்குத் தங்க நிறம் மட்டுமே பொருந்தும், வெள்ளியைத் தொடவே கூடாது. எண்ணெய்ப்பசையுள்ள முகத்துக்கு ஹைலைட்டரே ஆகாது. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இயற்கையே வேண்டிய பளபளப்பைக் கொடுத்துவிடுகிறது.

செந்தூல், கல்லூரி மாணவி

கடை அண்ணன் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது, ஏனென்றால் என் முகம் எண்ணெய்ப்பசையுள்ளதுதான். போன மாதம் என் அக்காவின் திருமணத்தில் காலை 6 மணி முகூர்த்தத்துக்கு நானே ஒப்பனை செய்துகொண்டேன். முதலில் எண்ணெய் கலந்த சீரம், அதன்மேல் ஈரப்பளபளப்புள்ள ஃபவுண்டேஷன், அதற்கும் மேல் ஷாம்பெயின் நிறத் திரவ ஹைலைட்டரை நெற்றி, மூக்கு முழுவதும், கன்னத்தின் முன்பக்கம், முகவாய் என்று பூசினேன். பவுடர் போடவில்லை. கண்ணாடியில் அழகாகத்தான் தெரிந்தது. 9 மணிக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் நெற்றியில் வெள்ளைப் பட்டை, கன்னத்தில் சாம்பல் கோடு, மூக்கோரத்தில் ஈயம் பூசியது போன்ற மினுக்கம். வடைச் சட்டி அருகே நின்றுவிட்டு வந்தாயா என்று சித்தி கேட்டார். இதில் என் தவறு எது?

பிரிக்பீல்ட்ஸ், மணப்பெண் ஒப்பனைக் கலைஞர்

வணக்கம். ஒப்பனைத் தொழிலுக்கு வருமுன் கார் வண்ணம் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஹைலைட்டரில் மினுங்குவதும் கார் வண்ணத்தில் மினுங்குவதும் ஒரே குடும்பத்துப் பொருள்தான்: மெல்லிய மைக்காத் தகடுகள்மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடோ இரும்பு ஆக்ஸைடோ பூசிய நிறமி. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது.

தங்கைக்கு நேர்ந்தது ஒரு தவறன்று, மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் சொல்லும் தானாகவே வரும் என்று நினைக்கிறேன்.

தோலின் மேற்பரப்பில் பட்டுக் கண்ணாடியில் போலத் திரும்பும் ஒளி, நேராகப் படும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு. தோல் எந்த நிறமானாலும் இந்தப் பங்கு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, தோலுக்குள் நுழைந்து சிதறித் திரும்பும் ஒளி. நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால் அந்த ஒளி குறைவாகவே திரும்புகிறது. அடியில் இருள் கூடுதலாக இருப்பதால் மேலே பட்டுத் திரும்பும் அதே 4 பங்கு, வெளிர்த் தோலில் தெரிவதைவிட நம் தோலில் எடுப்பாகத் தெரிகிறது. நம் முகத்தில் அழகு கொஞ்சம் பூச்சிலேயே வருவதற்கும், கொஞ்சம் எண்ணெய் கசிந்தாலே பிசுக்காவதற்கும் காரணம் ஒன்றுதான். எண்ணெய் தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்துகிறது, ஒளி சிதறாமல் கூர்மையாகத் திரும்புகிறது. மைக்காத் தகடுகள் சற்றுச் சற்றுச் சாய்ந்து படுப்பதால் ஒளி மெல்லப் பரவித் திரும்புகிறது. தகடு 15 மைக்ரோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பட்டுத்துணி போன்ற மென்மை கிடைக்கும். 50ஐத் தாண்டினால் தனித்தனிப் புள்ளியாக மின்னும், அது மேடைக்கு உரியது.

இனித் தங்கையின் படம். நெற்றியின் நடுப்பகுதி ஃபிளாஷை நேருக்கு நேர் வாங்கும் இடம். அங்கே சீரமும் வியர்வையும் திரவப் பூச்சும் சேர்ந்து ஒரே ஏடாகிவிட்டன. கன்னத்துச் சாம்பல் கோடு நிறத் தேர்வின் குறை. ஷாம்பெயின் என்று விற்கப்படும் பலவற்றில் மினுக்கத் தகடுகளோடு வெளிர் நிற நிரப்பிகளும் இருக்கும், அவை நம் தோலின்மேல் மாவு தூவியதைப் போல நிற்கும். ஆசிரியர் ஐயா பேனாவைப் பற்றித்தான் எழுதினார், ஆனால் அடியில் உள்ளதை மறைக்காத மை வேண்டும் என்று அவர் சொன்னதுதான் இங்கும் விதி. ஆகவே கடை அண்ணன் சொன்ன ‘வெள்ளி கூடாது’ என்பதை ‘வெளுக்கும் அடி கூடாது’ என்று திருத்த வேண்டும். இளமாநிறத்துக்குத் தங்கம், அடர்ந்த நிறத்துக்குச் செம்பும் வெண்கலமும் பொதுவாகப் பொருந்தும். இரும்பு ஆக்ஸைடு பூசிய தகடுகள் தரும் நிறம் அதுதான். கடையில் மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பது போதாது. கன்னத்தில் பூசி, ஒளிக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள். அப்போதும் கோடு தெரிந்தால் அந்த நிறம் உங்களுக்கு உரியதன்று.

மூக்கோர மினுக்கம் எண்ணெய். ஒற்றை அடுக்கு டிஷூவை அங்கே தேய்க்காமல் அழுத்தி எடுத்தால் தாளில் கண்ணாடி போன்ற கறை ஒட்டும், மினுக்கமும் குறையும். தாள் உலர்ந்தே இருந்து மினுக்கம் மட்டும் குறையாவிட்டால், பூச்சு அதிகமாகிவிட்டது என்று பொருள். எண்ணெய்ப்பசை முகத்துக்கு ஹைலைட்டரே ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை. எண்ணெய் வரும் இடத்தில் அது ஆகாது, அவ்வளவுதான். எண்ணெய் கசிவது பெரும்பாலும் நெற்றி நடுவிலும் மூக்கிலும் முகவாயிலும்.

வழி இது. சீரத்தையும் ஈரப்பளபளப்புள்ள அடிப்பூச்சையும் சேர்த்துப் பூசாதீர்கள். சன்னல் அருகே நின்று முகத்தைச் சற்றுத் திருப்பினால், கன்ன எலும்பின் மேல் ஒளி தானாகவே ஓரிடத்தில் விழும். விரலால் அழுத்தினால் எலும்பு தட்டுப்படும். அந்த இடத்திலிருந்து கண்ணோரத்துக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப்பக்கம் வரை ஒரு விரல் அகலத்தில் பூசுங்கள். நேராகப் பார்க்கும்போது கண்மணியிலிருந்து கீழே ஒரு கோடு இறக்கிக்கொண்டு, அதைத் தாண்டி மூக்குப்பக்கம் வராதீர்கள். தாண்டினால் கன்னத்தின் முன்புறத் துளைகள் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாகிவிடும். திரவமானால் இரு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு அரிசி மணி அளவு போதும், விரல் நுனியால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். அதன்பின் நெற்றி நடு, மூக்கோரம், முகவாய் ஆகிய இடங்களில் மட்டும் மினுக்கமில்லாப் பவுடரை அழுத்துங்கள். திரவத்தைப் பவுடரின்மேல் பூசினால் திட்டுத் திட்டாகும். பவுடர் வகை ஹைலைட்டரை வேண்டுமானால் கடைசியில் பூசலாம். மூக்குத்தண்டில் ஒரு மெல்லிய கோடு, விருப்பமானால். நுனிக்கு வேண்டாம்.

ஒரு பக்கம் மங்கலாக இருந்தால்தான் மறுபக்கம் பொலிவு. எல்லா இடமும் மினுங்கினால் கண் அதை எண்ணெய் என்றே படித்துக்கொள்கிறது. எனவே நான் முன்வைக்கும் சொல் ‘மேட்டொளி’. மேட்டில் விழும் ஒளி. பூச வேண்டிய இடத்தைச் சொல்லே காட்டிவிடும், நெற்றி நடுவிலும் மூக்கோரத்திலும் பூசாதே என்பதும் அதிலேயே அடங்கும். கன்னத்தில் பள்ளம் போலத் தோன்ற நிழல் நிறத்தில் பூசும் கான்டூருக்குப் ‘பள்ளநிழல்’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும்.

கோலாலம்பூர், பாடக்குறிப்பு எழுதுபவர்

எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒளி என்பது விளைவு, டப்பாவில் இருப்பது பொருள். ‘மேட்டொளிப் பூச்சு’, ‘மேட்டொளித் தூள்’ என்று விரித்தால் சரியாகும். ‘மேட்டொளி பூசு’ என்றே வகுப்பில் சொல்வார்கள் என்றும் தெரியும், மை என்றும் பொட்டு என்றும் சொல்லிப் பழகிய வாய்க்குச் சுருக்கம்தான் வரும்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இப்போது விளங்கியது, என் முந்தைய மடலை மன்னிக்கவும். மேடு, ஒளி இரண்டும் சேர்ந்து மேட்டொளி ஆவது நாட்டுப்புறம், வீட்டுக்கதவு என்பன போன்ற இயல்பான புணர்ச்சியே, இலக்கணத்தில் தடையில்லை. பேனாவுக்கு வண்ணக்கோடி அப்படியே இருக்கட்டும்.

செந்தூல், கல்லூரி மாணவி

அக்கா சொன்னபடி நேற்று ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வெண்கல நிறத்தில் பூசிப் போனேன். படத்தில் கன்னம் மட்டுமே தெரிந்தது, நெற்றி அமைதியாக இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மூக்கோரத்தில் எண்ணெய் வந்தது உண்மை, டிஷூவில் அழுத்தி எடுத்தேன். ஆனால் ஒரு சந்தேகம். கண்ணின் உள்மூலையிலும் ஹைலைட்டர் பூசுகிறோமே, அது மேடன்று, குழிதான். மேட்டொளியைக் குழியில் பூசு என்று பாடக்குறிப்பில் எழுத முடியுமா?

பினாங்கு, லெபோ பசாரில் அழகுப்பொருள் கடை வைத்திருப்பவர்

நியாயமான கேள்வி. ‘மிளிரி’ என்று வைத்தால் எங்கு வேண்டுமானாலும் பூசலாம், விற்கவும் எளிது.

பிரிக்பீல்ட்ஸ், மணப்பெண் ஒப்பனைக் கலைஞர்

எங்கு வேண்டுமானாலும் பூசலாம் என்பதுதான், அண்ணா, அந்தத் திருமணப் படத்தின் சிக்கலே. கண்மூலையில் வைப்பதை நான் கண்ணொப்பனையில் சேர்க்கிறேன், அங்கே அதை ‘கண்மூலை மினுக்கு’ என்று பிரித்து எழுதலாம்.

செந்தூல், கல்லூரி மாணவி

ஆனால் டப்பா ஒன்றுதானே, அக்கா?