ஜூன் 30-ஆ, ஜூலை 31-ஆ?

மீனா (டெல்லி): அப்பாவின் ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்துவிட்டது. 30-6-2026 பிற்பகல் என்று இருக்கிறது. சர்வீஸ் புக்கில் பிறந்த தேதி 1-7-1966. தப்பாகப் போட்டுவிட்டார்களா?

கார்த்திக்: தப்புதான். 60 முடிகிற மாதத்தின் கடைசி நாள்தானே? அப்படியென்றால் ஜூலை 31. நான் அதற்குத்தான் லீவு சொல்லியிருக்கிறேன்.

கீதா அத்தை: அண்ணன் பிறந்தது ஆவணியில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் அவராக ஒரு தேதி போட்டுவிட்டார்.

சுந்தரம் மாமா: ஆர்டர் சரி. ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள் என்று மத்திய அரசு விதி 56(a)-யிலேயே இருக்கிறது. ஜூன் 30 முடியும்போதே 60 வயது நிறைந்துவிடுகிறது, அதுதான் காரணம். ஜூலை 2 பிறந்திருந்தால் கார்த்திக் சொல்கிற ஜூலை 31 வந்திருக்கும். நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது எத்தனை பேர் இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு தவித்தார்கள் தெரியுமா.

கார்த்திக்: ஒரு நாளில் ஒரு மாதச் சம்பளம் போச்சா!

பாபு சித்தப்பா: எங்கள் பள்ளியில் நடுவில் வயது முடிந்தாலும் கல்வி ஆண்டு முடியும்வரை வேலை கொடுத்தார்கள். எழுதிக் கேட்கச் சொல்.

சுந்தரம் மாமா: அது தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு, பாபு. இது டெல்லி ஆபீஸ்.

மீனா: ஜூலை 1 இன்கிரிமென்ட்டும் போய்விடுமா மாமா?

சுந்தரம் மாமா: சம்பளமாகக் கையில் வராது. ஆனால் ஜூன் 30, டிசம்பர் 31 ரிட்டயர் ஆகிறவர்களுக்குப் பென்ஷன் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டும், 2023-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பிறகு அரசாணையும் வந்தது. இப்போதைய அட்டவணைப்படி அடிப்படைச் சம்பளம் 76,500 என்றால் அடுத்தது 78,800. பென்ஷன் அதில் பாதி, 38,250-க்குப் பதில் 39,400. அகவிலைப்படி தனி. கிராஜுவிட்டிக்கும் லீவு பணத்துக்கும் பழைய 76,500-தான். சில ஆபீஸில் இதைச் சேர்க்காமலே பேப்பரை அனுப்பிவிடுகிறார்கள், அதனால் பென்ஷன் கணக்குத் தாளில் எந்தச் சம்பளம் போட்டிருக்கிறது என்று அப்பாவைப் பார்க்கச் சொல்.

மீனா: அப்பா கேட்க மாட்டார். நீங்களே பேசுங்கள்.

சுந்தரம் மாமா: வீட்டு விஷயத்துக்குப் பிறகு அவர் என் போனை எடுக்கிறாரா என்ன.

கீதா அத்தை: அதை இங்கே இழுக்காதீர்கள். அறுபதாம் கல்யாணம் எப்போது? அண்ணன் பிறந்த பராபவ வருஷமே இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஆவணியில் அவர் நட்சத்திரத்தில்தான் செய்ய வேண்டும்.

பாபு சித்தப்பா: மலை மந்திர்லயா?

மீனா: அம்மா திருக்கடையூர் என்கிறாள்.

கார்த்திக்: சரி, ஜூன் 30 செவ்வாய்க்கிழமை. லீவு கிடைக்காது. ஆபீஸ் பிரிவு உபசாரத்துக்கு யாராவது வருகிறீர்களா?

கீதா அத்தை: நான் ஆவணிக்குத்தான் வருவேன்.

மீனா: அப்பா அந்தத் தாளைத் தேடுகிறார். கிடைத்ததும் படம் அனுப்புகிறேன் மாமா.