மூன்று சுழி ண: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு புதன்கிழமை

விசாலம் (காரைக்குடி), காலை 9:12
எல்லோருக்கும் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஜூமில் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன் அல்லவா. என் முகத்தைக் காட்ட லேப்டாப், தாளை மேலே இருந்து காட்ட ஸ்டாண்டில் ஒரு போன். போன வாரம் ‘கண்’, ‘மண்’, ‘பண்’ மூன்றையும் எழுதிக் காட்டினேன். பிள்ளை மூன்றையும் இரண்டு சுழி போட்டு ‘கன்’, ‘மன்’, ‘பன்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். நான் ஒழுங்காகத்தான் எழுதினேன், என் நோட்டு இருக்கிறது. மேலே வைக்கிற கேமராவில் என்ன மாற்ற வேண்டும்?

சொக்கலிங்கம் (தேவகோட்டை), காலை 9:20
விசாலம், நாங்கள் போன மாதம்தான் முகப்பில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று கேமரா மாட்டினோம். ராத்திரியிலும் தெளிவாகத் தெரிகிறது. மாட்டிய பையனை அனுப்பி வைக்கவா?

விசாலம், காலை 9:24
அண்ணே, அது காவலுக்கு வைக்கிற கேமரா. நான் கேட்பது நோட்டில் எழுதுவதை அப்படியே பிள்ளைக்குக் காட்டுகிற போனைப் பற்றி.

சொக்கலிங்கம், காலை 9:25
சரி சரி. மெய்யப்பன் சொல்வான்.

லெட்சுமணன் (சென்னை), காலை 9:41
ஆத்தா, செல்ஃபி கேமராவை வைத்திருக்கிறீர்களா? அதில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத்தான் போகும். பிள்ளைக்கும் அப்படியே தெரிந்திருக்கும், அதனால் குழம்பியிருப்பாள். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

மெய்யப்பன் (காரைக்குடி), காலை 10:05
லெட்சுமணா, பின்பக்கக் கேமராவைச் சொன்னாய் பார், அது சரி. அதில்தான் படம் கூர்மையாக இருக்கும். ஆனால் இடம் வலம் மாறித் தெரிவது நம் திரையில் மட்டும்தான். எதிரில் இருப்பவர்களுக்கு நேராகத்தான் போகும். நானும் 2020இல் பத்தாம் வகுப்புக் கணக்கை வீட்டிலிருந்து எடுக்கத் தொடங்கியபோது இதே பயத்தில் இருந்தேன். ஒரு பையன் திரையைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் நிம்மதி வந்தது.

ஆச்சி, ஒரு விஷயம் சொல்லுங்கள். போன் நோட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

விசாலம், காலை 10:11
இரண்டு சாண் இருக்கும். நோட்டு முழுக்கத் தெரியட்டும் என்று உயர்த்தி வைத்தேன். மேசையும் கொஞ்சம் தெரிகிறது.

மெய்யப்பன், காலை 10:13
உமையாள், நீ சொல். பிள்ளை எதில் பார்க்கிறாள்?

உமையாள் (சிங்கப்பூர்), காலை 10:30
என் போனில்தான் அம்மான். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். போன வாரம் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன்.
📷 படம்

மெய்யப்பன், காலை 10:48
படத்தைப் பார்த்தேன். ஆச்சி, பிள்ளை மேல் தப்பே இல்லை. ‘ண’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டுதான் இருக்கிறது.

இரண்டு சாண் உயரத்தில் போன் ஏறக்குறைய 60 செ.மீ. அகலத்தைப் பார்க்கிறது. உமையாள் போனைப் படுக்க வைத்தால் திரை 15 செ.மீ. அகலம். அதாவது நீங்கள் எழுதுவது நாலில் ஒரு பங்காகச் சுருங்கிப் போகிறது. கோடு போட்ட நோட்டில் ஒரு வரி 8 மி.மீ. என்றால் அங்கே 2 மி.மீ. நிமிர்த்திப் பிடித்தால் திரை அகலம் 7 செ.மீ.தான், எழுத்து 1 மி.மீ.க்கு வந்துவிடும். அதற்குள் மூன்று சுழி எப்படித் தெரியும்? இதோடு நெட் மந்தமானால் ஜூம் முதலில் மெல்லிய கோடுகளைத்தான் கரைத்துவிடும். ‘ப’, ‘ட’ பிழைத்துக்கொள்ளும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல ஆகிவிடும்.

விசாலம், காலை 10:55
பாவம், பிள்ளையிடம் கோபப்பட்டுவிட்டேன். ‘மூன்று சுழி, மூன்று சுழி’ என்று நாலு தடவை சொன்னேன். அவளுக்குத் தெரியவே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

மெய்யப்பன், காலை 11:02
போனை ஒரு சாணுக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே வேண்டாம், பேனாவின் வால் போனில் இடிக்கும். 30 செ.மீ. ஸ்கேலை நோட்டின் மேல் படுக்க வையுங்கள். அதன் இரண்டு முனையும் படத்தின் இரண்டு ஓரத்தைத் தொட்டால் உயரம் சரி. ஸ்கேலுக்கு அப்பால் மேசை தெரிந்தால் இன்னும் இறக்க வேண்டும்.

இப்போது பாதிதான் சுருங்கும். அதை ஈடுகட்ட இரண்டு வரிக்கு ஒரு எழுத்தாகப் பெரிதாக எழுதுங்கள். அப்போது பிள்ளையின் திரையில் எழுத்து 8 மி.மீ. வரும். அவள் நோட்டில் எழுதப்போகிற அதே அளவு. பால்பாயின்ட் வேண்டாம், ஸ்கெட்ச் பேனாவில் மெல்லியதாக ஒன்று. ரொம்பத் தடிமனானதை எடுத்தால் சுழி அடைத்துக்கொள்ளும்.

உமையாள், போனைப் படுக்க வைத்து, தாள் தெரிகிற படத்தை `Pin` செய்துவிடு. இல்லையென்றால் யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்துக்குப் படம் தாவிக்கொண்டே இருக்கும்.

அலமேலு (கண்டனூர்), காலை 11:30
நான் கொட்டான் பின்னச் சொல்லிக் கொடுக்கும்போது போனை நேர் மேலே வைப்பதே இல்லை. என் வலது தோளுக்குப் பின்னால் சாய்த்து வைப்பேன். ஓலை எதற்கு அடியில் போகிறது என்பது சாய்வில்தான் தெரியும். ஆச்சியும் அப்படி வைக்கலாமே?

மெய்யப்பன், காலை 11:36
கொட்டானுக்கு அது சரி அலமேலு, அதில் மேல் கீழ் என்று இருக்கிறது. தாள் தட்டையானது. சாய்த்து வைத்தால் கிட்டத்து வரி பெரிதாகவும் தூரத்து வரி சிறிதாகவும் போகும், எழுத்தின் உருவமே கோணிவிடும். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு அது ஆகாது. அதோடு வலது தோள் பக்கம் இருந்தால் ஆச்சியின் கையே எழுத்தை மூடும்.

விசாலம், மாலை 4:40
ஸ்டாண்டை இறக்கி வைத்துவிட்டேன். வளவு முற்றத்து ஓரமாக மேசை போட்டிருக்கிறேன், அங்கிருந்து வெளிச்சம் நன்றாக வருகிறது. உமையாள், ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் வா. உங்களுக்கு ஏழரை.

விசாலம், மாலை 5:09
மெய்யப்பா, எழுதிக்கொண்டிருக்கும்போதே படம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. போனைத் தொடவே இல்லை. அதோடு ‘கூ’ என்று ஒரு சத்தம்.

மெய்யப்பன், மாலை 5:14
சத்தம் சுலபம். போனும் லேப்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் சத்தத்தை மற்றது வாங்கிச் சுற்றுகிறது. போனில் மைக்கை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே வரும்போது ஆடியோவில் சேரலாமா என்று கேட்கும், அதில் சேராமலே விட்டுவிடுங்கள். பேச்சு லேப்டாப்பில் மட்டும்.

தலைகீழாவது வேறு சங்கதி. எந்தப் பக்கம் கீழ் என்பதைப் போன் தன் எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. திரை வானத்தைப் பார்த்து மட்டமாகப் படுத்திருந்தால் நாலு பக்கமும் அதற்கு ஒன்றுதான். மேசை லேசாக அசைந்தாலும் மனம் மாறிவிடும். அதனால் ஸ்டாண்டில் வைப்பதற்கு முன் போனைக் கையில் படுக்கை வாட்டில் நிமிர்த்திப் பிடியுங்கள், படம் திரும்பட்டும். பிறகு தானாகத் திரும்புவதை அணைத்துவிட்டு ஸ்டாண்டில் வையுங்கள்.

விசாலம், மாலை 5:22
அணைத்தேன். படம் நெட்டுக்குத்தாகவே நின்றுவிட்டது, படுக்கைக்கு வரவில்லை.

மெய்யப்பன், மாலை 5:25
சில போன்கள் அப்படித்தான், அணைத்தவுடன் நெட்டுக்குத்துக்குப் போய்விடும். அப்படியானால் திரும்புவதை அணைக்காதீர்கள். உங்கள் பக்கம் இருக்கிற போன் விளிம்பை ஒரு விரல்கடை அளவு தாழ்த்தி வையுங்கள். அந்தச் சின்னச் சாய்வு போதும், கீழ் எது என்று அதற்குத் தெரிந்துவிடும். எழுத்தும் கோணாது.

விசாலம், மாலை 5:33
நின்றுவிட்டது!

உமையாள், மாலை 5:41
ஆத்தா, இப்போது சுழியை எண்ண முடிகிறது. மூன்றும் தெரிகிறது. ஆனால் பிள்ளை முதல் சுழியை எங்கே தொடங்குவது என்று கேட்கிறாள். நீங்கள் தொடங்கும்போது உங்கள் கை நிழல் விழுந்து அந்த இடம் இருட்டாகிவிடுகிறது. கை நகர்ந்த பிறகு முழு எழுத்துதான் தெரிகிறது.

விசாலம், மாலை 5:44
வளவு எனக்கு வலது கைப் பக்கம் இருக்கிறது.

மெய்யப்பன், மாலை 5:52
அப்படியானால் மேசையைத் திருப்பிப் போட்டு, வளவு இடது கைப் பக்கம் வருமாறு உட்காருங்கள். நிழல் எழுதி முடித்த பக்கம் விழாமல் வலது பக்கம், இன்னும் எழுதாத இடத்தில் விழும். ஸ்டாண்டின் கழுத்தும் இடது பக்கத்திலிருந்து வரட்டும். பேனாவை நுனியில் பிடிக்காமல் ஒரு அங்குலம் மேலே பிடித்தால் முனை தாளைத் தொடுகிற இடம் தெரியும். தலைக்கு மேல் இருக்கிற விளக்கைப் போடாதீர்கள், போனின் நிழலே தாளில் விழும்.

ஆச்சி, எழுதத் தொடங்கும் இடத்தில் முனையை வைத்து ஒரு நொடி நிறுத்துங்கள். வீடியோ அங்கே போய்ச் சேர நேரம் எடுக்கும், கோடு தெளிவதற்கும் நேரம் எடுக்கும். வேகமாக ஓட்டினால் நடுவில் இருக்கிற அசைவு விழுங்கப்பட்டுவிடும்.

உமையாள், மாலை 6:20
📷 படம்
பிள்ளை எழுதிய ‘கண்’. மூன்று சுழி. தொடக்கமும் சரியாக இருக்கிறது.

விசாலம், மாலை 6:22
என் தங்கம்! இந்தப் படத்தை அச்சுப் போட்டு வைக்கப் போகிறேன்.

உமையாள், மாலை 6:25
ஒன்று மட்டும் பாக்கி. நீங்கள் கையை உள்ளே கொண்டுவரும்போதெல்லாம் படம் ஒரு தடவை மங்கித் தெளிகிறது.

மெய்யப்பன், மாலை 6:31
போன் கையைப் பார்ப்பதா தாளைப் பார்ப்பதா என்று தேடுகிறது. கேமரா ஆப்பில் விரலை அழுத்தி வைத்தால் பல போன்களில் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிற்கும். ஜூமுக்குள் எனக்கு அது வசப்படவில்லை. கேமரா ஆப்பைத் திறந்து அழுத்தி நிறுத்திவிட்டு, போன் திரையையே ஜூமில் பகிர்ந்தால் ஒருவேளை சரிவரலாம். சனிக்கிழமை நான் வந்து செய்து பார்க்கிறேன். அதுவரை கையை வெளியே எடுக்காமல் தாளின் ஓரத்திலேயே வைத்திருங்கள், மங்குவது குறையும்.

லெட்சுமணன், மாலை 6:40
பகிரும்போது வருகிற குறுஞ்செய்தியெல்லாம் பிள்ளைக்குத் தெரியுமே அம்மான்?

மெய்யப்பன், மாலை 6:42
ஆமாம். அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத்தான் பகிர வேண்டும். போன் அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சனிக்கிழமையே பார்த்துவிடுவோம், நீ அப்போது ஆச்சியின் போனுக்கு ஒரு கால் போடு.

விசாலம், மாலை 6:50
சனிக்கிழமை பலகாரம் சுட்டு வைக்கிறேன், வா. ஞாயிறு பத்து மணிக்கு ‘ணை’. உமையாள், பிள்ளையிடம் சொல்லிவிடு.