சீனி இறங்கிய பின் வரும் ஏற்றம்: கையேட்டுக்கு என்ன சொல் வைப்பது?

கௌரி, ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். தோட்டக் குடும்பங்களுக்காக ஒரு சீனி நோய்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு பக்கத்தில் வந்து சிக்கி நிற்கிறேன்.

ஊசி போடுகிறவருக்குச் சீனி இறங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் கைக்கு அகப்பட்ட இனிப்பையெல்லாம் கொடுக்கிறார்கள். ஆள் தெளிந்துவிடுகிறார், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சீனி முந்நூறுக்கு வந்துவிடுகிறது. இதற்கு டொக்டர்மார் "ரீபவுண்ட் ஹை" என்கிறார்கள். மீளுயர்வு, எதிரேற்றம், பின்னேற்றம் என்று மூன்று சொற்கள் என்னிடம் உண்டு. எதை வைத்தாலும், ஏன் ஏறுகிறது என்பது படிப்பவருக்கு விளங்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வரியிலேயே "இதைத் தவிர்க்க" என்று எழுதப்போகிறோம்.

ராஜன், பண்டாரவளை

கௌரி டீச்சர், என் தெரிவு "மீளெழுச்சி". பந்து தரையில் பட்டதும் தானாக எழும்புகிறதே, உடம்பும் அப்படித்தான். சீனி இறங்கினால் குளுக்ககன், அட்ரினலின் போன்ற ஹோர்மோன்கள் சுரக்கின்றன. ஈரல் சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடுகிறது. 1938இல் மைக்கேல் சொமோஜி என்ற வேதியியலாளர் சொன்ன விளக்கம் இது. உயர்தர வகுப்பில் ஹோர்மோன் பாடம் எடுக்கும்போது நானும் இதைச் சொல்வதுண்டு. ஆகவே எழுச்சி உடம்பிலிருந்தே வருகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

முத்துலிங்கம், தலவாக்கலை

ராஜன் சார் சொல்லும் ஹோர்மோன் வேலை உண்மைதான். ஆனால் தோட்ட டிஸ்பென்சரியில் நான் பார்த்த ஏற்றங்களில் பெரும்பாலானவற்றை ஈரலின் கணக்கில் எழுத முடியாது. ஒன்றை விவரமாகச் சொல்கிறேன், பிறகு சொல்லைப் பார்ப்போம்.

கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போடுகிறவர். அன்றைக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அரை ரொட்டியோடு மலைக்குப் போய்விட்டார். செங்குத்தான மலை. பத்து மணி வாக்கில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. பையில் மீட்டர் இருந்ததால் குத்திப் பார்த்தார்கள், 58. எழுபதுக்குக் கீழே போனாலே வைத்தியம் செய்ய வேண்டும், ஆக அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். ஒருத்தி சாயத்தண்ணியில் ஐந்து கரண்டி சீனியைக் குவித்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். மட்டமாக வழித்த தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் இருக்கும். குவித்தால் அதில் ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். அந்தக் கோப்பையிலேயே 30 கிராமுக்குக் குறையாது. ஐந்து நிமிடம் கழித்தும் நடுக்கம் நிற்கவில்லை என்று நான்கு கிறீம் பிஸ்கட், அதுவும் போதாமல் இன்னொருத்தியின் ரொட்டியில் பாதி. எல்லாம் சேர்த்தால் மாச்சத்து 80 கிராம் அளவில் வந்துவிடும்.

வேண்டியிருந்தது 15 கிராம்தான். வளர்ந்த ஒருவருக்கு அந்த 15 கிராம் சீனியைச் சுமார் 40, 50 புள்ளி ஏற்றும். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை இது மாறும், ஆனாலும் கணக்குக்கு இது போதும். 58 என்பது நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும். 80 கிராம் போனால் இருநூறுக்கு மேல் கூடும். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தபோது 296. ஈரல் தன் பங்குக்குக் கொஞ்சம் விட்டிருக்கலாம், ஆனால் இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கோப்பையிலும் பிஸ்கட்டிலும் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 296ஐக் கண்டு பயந்த அக்கா, இரவு ஊசியைத் தானாகவே கூட்டிப் போட்டுக்கொண்டார். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய உடம்பில் இரவிலும் இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். விடியற்காலை இரண்டு மணிக்கு மகள் எழுப்பிப் பார்த்தபோது 49. நல்ல வேளை, விழுங்க முடிகிற நிலையில் இருந்தார்.

"மீளெழுச்சி" என்று எழுதினால், உடம்பு தானாகச் செய்கிறது, நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் அந்த அக்கா படிப்பார். அதனால் "மிகையூட்டு ஏற்றம்" என்கிறேன். ஊட்டியது அதிகம், அதனால் ஏறியது.

தர்ஷினி, பதுளை

ஐயா சொன்னதில் ஒரு இடத்தைத் திறந்து காட்ட விரும்புகிறேன். எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே முதலாம் வகை. ஏன் அதிகம் சாப்பிடுகிறோம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த நேரத்துப் பசி சாதாரணப் பசி இல்லை. கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், இன்னும் ஒரு வாய் இன்னும் ஒரு வாய் என்று உடம்பு கேட்கும். சீனி எண்பதுக்கு வந்த பிறகும் அந்த நடுக்கம் கொஞ்ச நேரம் இருக்கும். சுரந்த அட்ரினலின் உடனே போய்விடாதே. நடுக்கம் நின்றால்தான் நிறுத்துவேன் என்று சாப்பிட்டால் கட்டாயம் மிஞ்சிப்போகும்.

கையில் ஒட்டுகிற சென்சார் போடுபவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. அது இரத்தத்தில் பார்ப்பதில்லை, தோலுக்குக் கீழே இருக்கும் நீரில் பார்க்கிறது. சீனி வேகமாக மாறும்போது சில நிமிடங்கள் பின்தங்கித்தான் காட்டும். விரலில் குத்தினால் 88, போனில் இன்னும் 61, அம்பும் கீழ்நோக்கி. எனக்கு இது நடந்திருக்கிறது. இறக்கத்துக்கு வைத்தியம் செய்து கால் மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது நான் விரலைத்தான் நம்புவேன்.

விரலில் குத்துமுன் கையைக் கழுவுவதையும் கையேட்டில் போடுங்கள் அக்கா. சீனி அள்ளிய விரலில் குத்தினால் மீட்டர் கூட்டிக் காட்டும். ஏறிவிட்டது என்று நினைத்திருப்போம், உள்ளே இன்னும் இறங்கியே இருக்கும்.

பெரியசாமி, மஸ்கெலியா

எல்லாருக்கும் வணக்கம். நான் ஊசி போடுவதில்லை, கிளிக்லசைட் மாத்திரை மட்டும்தான். இனிப்பு சாப்பிட்டால் ஏறிவிடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், சட்டைப் பையில் வைத்திருந்த சீனிப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். சாயத்தண்ணிக்குக் கித்துள் கருப்பட்டிதான் கடித்துக்கொள்கிறேன், அது பரவாயில்லையா? தலை சுற்றினால் ஜீவனி கரைத்துக் குடிக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதில் சீனி குறைவாமே?

முத்துலிங்கம், தலவாக்கலை

பெரியசாமி அண்ணே, அந்தப் பொட்டலத்தை இன்றைக்கே திரும்பப் பையில் வையுங்கள். சீனி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இறங்கினால் சீனிதான் மருந்து, மருந்துக்கு அளவு உண்டு என்பதுதான் பேச்சு. கிளிக்லசைட்டும் சீனியை இறக்கக்கூடியதுதான்.

ஜீவனி வயிற்றோட்டத்துக்கு ஆனது. இப்போதைய கலவையில் ஒரு லீட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. 15 கிராம் வேண்டுமென்றால் நீங்கள் ஒரு லீட்டருக்கு மேல் குடிக்க வேண்டும், அதற்குள் மயங்கிவிடுவீர்கள். கருப்பட்டியும் சீனிதான் அண்ணே, தினசரி சாயத்தண்ணியோடு கடிப்பது கணக்கில் சேரும்.

உங்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஊசிக்காரருக்கு "அளவாகக் கொடு" என்றால் போதும். உங்கள் மாதிரி மாத்திரையில் மருந்து உடம்பில் நெடுநேரம் இருக்கும். சீனி ஏறி, மணிக்கணக்கில் கழித்து மறுபடி இறங்கலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இது அதிகம். அதற்காக முதலிலேயே மூன்று பங்கு சீனி தின்பது வழியில்லை. 15 கிராமில் ஏற்றி, அப்புறம் சாப்பிட்டு, அன்று முழுக்க இடையிடையே பார்க்க வேண்டும். அடிக்கடி வருகிறதென்றால் கிளினிக்கில் மாத்திரை அளவைப் பற்றிக் கேளுங்கள்.

ராஜன், பண்டாரவளை

முத்துலிங்கம் ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். தேடிப் பார்த்ததில், சொமோஜியின் விளக்கத்தைத் தொடர் அளவீட்டு ஆய்வுகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை என்பதும் தெரிந்தது. இரவில் இறங்கியவர்களில் பலருக்குக் காலை அளவு கூடுவதற்குப் பதில் குறைந்துதான் இருந்திருக்கிறது. முதலாம் வகையில் சில ஆண்டுகளில் குளுக்ககன் பதில் மங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஈரலின் பங்கு நான் நினைத்ததைவிடச் சிறியது.

ஆனாலும் "மிகையூட்டு ஏற்றம்" எனக்கு முழுதும் ஒட்டவில்லை. இறங்கிவிட்டது என்று பயந்து அடுத்த ஊசியையே போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏறுவது ஊட்டியதால் மட்டும் இல்லை. அகராதிக்குக் காரணம் சொல்லாத பொதுச்சொல் வேண்டும். அதற்குப் "பின்னேற்றம்" பொருந்தும்.

தர்ஷினி, பதுளை

ஊட்டு என்பது குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலக் கேட்கிறது சார், அதுவும் ஒரு சங்கடம். லயத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "கூடக் குடுத்து ஏறிப்போச்சு" என்பார்கள்.

கௌரி, ஹட்டன்

எல்லாருக்கும் நன்றி. அகராதிப் பட்டியலில் "பின்னேற்றம்" என்று போடுகிறேன். முத்துலிங்கம் ஐயா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும், அதனால் பக்கத்தில் "மிகையூட்டு ஏற்றம்" என்பதும் இருக்கட்டும். கையேட்டுப் பக்கம் இப்போதைக்கு இப்படி:

"சீனி 70க்குக் கீழே இறங்கினால், மட்டமாக வழித்த நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அதோடு நிறுத்துங்கள். கால் மணி நேரம் உட்காருங்கள். நடுக்கம் இருந்தாலும் அதற்குள் வேறு எதுவும் சாப்பிட வேண்டாம். கையைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் மட்டும் அதே அளவு இன்னொரு தடவை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சின்ன ரொட்டி ஒன்று. கிறீம் பிஸ்கட்டும் சொக்லட்டும் முதல் வைத்தியம் ஆகாது, அவற்றின் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். பின்னால் அளவு கூடித் தெரிந்தால், அதற்காக நீங்களாக ஊசியைக் கூட்டவோ, பயந்து அடுத்த ஊசியை விடவோ வேண்டாம். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள்."

மீட்டர் இல்லாத வீடுகளுக்கு என்ன எழுதுவது என்பது இன்னும் தீரவில்லை. நடுக்கத்தை நம்பாதே என்றும் சொல்கிறோம், பார்க்கக் கருவியும் இல்லை என்றால் அவர்கள் எதை வைத்து நிறுத்துவார்கள்?

முத்துலிங்கம், தலவாக்கலை

கடையில் 15 கிராம் நிறுத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள் மகள். கடதாசிச் சரை நம் ஊர் ஈரத்துக்குக் கட்டிபட்டுவிடும். மீட்டர் இல்லாத வீட்டில் ஒரு பொட்டலம், கால் மணி நேரம், பேச்சுத் தெளியாவிட்டால் இரண்டாவது. அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்காமல் டிஸ்பென்சரிக்கு. பிள்ளைகளுக்கு இந்தப் பொட்டலம் ஒத்துவராது. எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் என்பது கணக்கு, 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், அதாவது ஒன்றரைக் கரண்டி. அதைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். சொல்லைப் பற்றி நான் இன்னும் விடவில்லை.