‘மாற்று’ என்றால் எந்த மாற்று? – ஆன்டிபயாடிக் ரவுண்ட்ஸ் அட்டவணைக்குச் சொல் வேண்டும்

மருந்தாளுநர், தர்மபுரி:

வணக்கம். ஆன்டிபயாடிக் ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் கிறுக்கியதையெல்லாம் நான் ஒரு அட்டவணையாகச் சுருக்குகிறேன். மருந்து, எதற்காக, எத்தனையாவது நாள், நிறுத்தவா மாற்றவா என்று நான்கு பத்தி. தமிழில் போட்டால் வார்டு சிஸ்டர்களும் சட்டென்று படிப்பார்கள். கடைசிப் பத்திக்கு ‘மாற்று’ என்று போட்டேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், 62 வயது, சிறுநீரகத் தொற்று. 3-ஆம் தேதி செப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கியது. 5-ஆம் தேதி சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை வந்தது, செப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத வகை. அன்று மாலையே எர்டாபெனெம் ஊசி. 7-ஆம் தேதி காய்ச்சல் விட்டது. 8-ஆம் தேதி ரவுண்ட்ஸ் குறிப்பு இவ்வளவுதான்: “6-ஆம் நாள், காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார், கோட்ரிமாக்சசோலுக்கு மாற்று, மொத்தம் 7 நாள்.” அந்த மாத்திரைக்குக் கிருமி கட்டுப்படும் என்று கல்ச்சரிலேயே இருந்தது. நானும் ‘நாள் 6, மாற்று, 9-ஆம் தேதியோடு முடிவு’ என்று எழுதிவிட்டேன். சரிதானே?

தமிழாசிரியர் (ஓய்வு), பாலக்கோடு:

‘மாற்று’ என்பது ஏவல் வினையாகவும் வரும், பெயராகவும் வரும்; ‘மாற்றம்’ என்றால் குழப்பம் இல்லை. ‘எதற்காக’ என்பது பேச்சு வழக்கு, ‘அறிகுறி’ என்று போடுங்கள். நாளைச் சுழியத்திலிருந்து எண்ணுவதே முறை என்று என் மருமகள் சொல்கிறாள், அறுவை வார்டில் நர்ஸ்.

மருத்துவர், கிருஷ்ணகிரி:

‘அறிகுறி’ வேண்டாம் ஐயா. அந்தப் பத்தியில் பயிற்சி டாக்டர் ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். காய்ச்சலுக்கு நாள் கணக்கு கிடையாது, சிறுநீரகத் தொற்றுக்குத்தான் உண்டு. ‘எதற்காக’ நன்றாகவே இருக்கிறது.

அறுவை வார்டில் ஆபரேஷன் நாளைச் சுழியம் என்பார்கள், அது சரி. மருந்தில் முதல் டோஸ் போட்ட தேதியே நாள் 1, மாலையில் போட்டாலும்.

தம்பி, உங்கள் அட்டவணையில் பிழை சொல்லில்தான் தொடங்குகிறது. இந்த அம்மாவுக்கு இரண்டு மாற்று நடந்திருக்கிறது. 5-ஆம் தேதி நடந்தது மருந்து கேட்காததால் வந்த மாற்று. அதற்கு முன் போட்ட ஊசி அந்தக் கிருமியை அடக்கவில்லை, ஆகவே கணக்கு எர்டாபெனெமிலிருந்து புதிதாகத் தொடங்கும். 8-ஆம் தேதி நடந்தது ஊசியிலிருந்து மாத்திரைக்குப் போனது. இரண்டுமே கிருமியை அடக்கும் மருந்து, அதனால் கணக்கு அறுபடாது. 5-ஆம் தேதி நாள் 1 என்றால் 8-ஆம் தேதி நாள் 4, முடிவு 11-ஆம் தேதி. நீங்கள் எழுதியபடி 9-இல் நிறுத்தினால் இரண்டு நாள் குறையும்.

மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்:

எங்க அப்பாவுக்கும் போன மாசம் இதே சிறுநீர்த் தொற்றுதான். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றது, மீதியை எடுத்து வைத்திருக்கிறோம். அதையும் இந்த அட்டவணையில் போட முடியுமா?

மருத்துவர், கிருஷ்ணகிரி:

இது வார்டு நோயாளிகளுக்கான அட்டவணை அண்ணா. மிச்ச மாத்திரையைக் கொடுத்த டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். அடுத்த காய்ச்சலுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்தாளுநர், தர்மபுரி:

நல்லவேளை, சாயங்காலமே திருத்திவிட்டேன் சார். அப்படியானால் ‘வழிமாற்று’, ‘மருந்துமாற்று’ என்று இரண்டாகப் பிரிக்கிறேன். நாளுக்கு, கிருமியை அடக்கும் மருந்து தொடங்கியதிலிருந்து எண்ணுவதை ‘பலன்நாள்’ என்றால்?

| மருந்து | எதற்காக | பலன்நாள் (8-ஆம் தேதி) | முடிவு |
|---|---|---|---|
| செப்ட்ரியாக்சோன் ஊசி, 3–5 | சிறுநீரகத் தொற்று | கணக்கில் இல்லை | மருந்துமாற்று |
| எர்டாபெனெம் ஊசி, 5–7 | அதே | 1–3 | வழிமாற்று |
| கோட்ரிமாக்சசோல் மாத்திரை, 8 முதல் | அதே | 4 | 11-இல் நிறுத்து |

தமிழாசிரியர், பாலக்கோடு:

பலன்நாள் என்றால் எங்கள் தெருவில் ராசிபலன் என்பார்கள். ‘கணக்குநாள்’ என்று வையுங்கள், “அந்த ரெண்டு நாள் கணக்கில் வராது” என்று எல்லோரும் சொல்வதுதானே.

மருத்துவர், கிருஷ்ணகிரி:

கணக்குநாள், ஜோர். ஆனால் ‘மருந்துமாற்று’ இன்னும் போதாது. கல்ச்சர் வந்தபின் அகல வீச்சு மருந்தை விட்டுவிட்டு, அதே கிருமிக்குப் போதுமான குறுகிய வீச்சு மருந்துக்கு இறங்குவோம். அதுவும் மருந்துமாற்றுதான், ஆனால் முதல் மருந்தும் வேலை செய்ததால் கணக்கு தொடரும். ஒரே சொல்லை வைத்தால் சிஸ்டர் மறுபடி 1-இலிருந்து எண்ணுவார். ‘குறுக்கல்’ என்றால் டோஸைக் குறைத்ததாக நினைப்பார்கள். அப்புறம் இன்னொன்று: கோட்ரிமாக்சசோல் வரிசையில் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கும் தேதியையும் எழுதுங்கள், 62 வயது.

மருந்தாளுநர், தர்மபுரி:

எழுதிவிட்டேன் சார், 10-ஆம் தேதி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறது. எண்ணை மட்டும் நம்பாமல் முதல் டோஸ் தேதியையும் அதே கட்டத்தில் போடப்போகிறேன். ‘குறுக்கல்’ இடத்தில் ‘இறக்கம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், ஐயா என்ன சொல்கிறீர்கள்?

தமிழாசிரியர், பாலக்கோடு:

இறக்கம் என்றால் தொப்பூர் கணவாய்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டு நாள் பொறுங்கள், யோசிக்கிறேன்.