"தினமும் 2 மணி நேரம் மிச்சம்" என்று எழுதினோம், கடைக்காரர்கள் நம்பவில்லை. எங்கே தப்பு?

கவுன்டர்_பையன்

வணக்கம். சிறு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். விற்பனை, டெமோ, விளம்பரம் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். போன மாதம் கடைக்காரர்களுக்காக ஒரு பதிவு போட்டோம். அதன் மையமே "தினமும் 2 மணி நேரம் மிச்சம்" என்ற வரி.

கணக்கு இல்லாமல் எழுதவில்லை. கையால் பில் எழுத 90 விநாடி, எங்கள் மென்பொருளில் 30 விநாடி. பில்லுக்கு 60 விநாடி மிச்சம். நாளுக்கு 120 பில் போடும் கடைக்கு 7,200 விநாடி, அதாவது சரியாக 2 மணி நேரம்.

விசாரித்தவர்கள் பாதிப் பேர் அந்த வரியைப் படித்ததும் சிரித்துவிட்டார்கள். வாங்கியவர்களில் ஒருவர் மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, "நான் இப்போதும் அதே நேரத்துக்குத்தான் கடையைப் பூட்டுகிறேன். அந்த 2 மணி நேரம் எங்கே போனது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதிவை எப்படிச் சரிசெய்வது?

வேகம்_முக்கியம்

எண்ணைக் குறைத்துப் போடுங்கள், நம்புவார்கள். "3 மடங்கு வேகமான பில்லிங்" என்று எழுதினால் யாரும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். ஸ்கேனர் பீப் அடிக்கும் சின்ன வீடியோ ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

பழைய_நிறுவுநர்

வீடியோ யோசனை நல்லதுதான், கூட்டம் உள்ள கடைக்காரர் அதைப் பார்ப்பார். ஆனால் 3 மடங்கு என்பதும் அதே தப்புதான்.

கவுன்டர்_பையன், உங்கள் பெருக்கல் சரி, அர்த்தம்தான் தப்பு. 12 மணி நேரம் திறந்திருக்கும் கடையில் 120 பில் என்றால் சராசரியாக 6 நிமிடத்துக்கு ஒன்று. அடுத்த ஆள் வராத நேரத்தில் 60 விநாடி மிச்சமானால் கடைக்காரர் 60 விநாடி சும்மா உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

கூட்ட நேரம் வேறு கதை. ஒரு மணி நேரத்தில் 45 பில் வருகிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு 90 விநாடி என்றால் 68 நிமிட வேலை, ஒரு மணி நேரத்துக்குள் அடங்காது, வரிசை நீளும். மென்பொருள் வந்தாலும் பையில் போடுவதும் சில்லறை எண்ணுவதும் குறையாது. அதனால் உங்கள் 30 விநாடியை நான் நம்பவில்லை, அது டெமோ அறை எண். 50 விநாடி என்றே வைத்தாலும் 38 நிமிடத்தில் முடிகிறது. வரிசை கரைந்துவிடும். ஆனால் அந்த லாபத்தை உணர்வது வாடிக்கையாளர். கடைக்காரர் பூட்டும் நேரம் மாறாது.

அவருக்கு நேரம் மிச்சமாவது கடைசி ஆள் போன பிறகு: பில் புத்தகத்தைக் கூட்டுவது, கடன் நோட்டில் ஏற்றுவது, கல்லாவோடு ஒத்துப்பார்ப்பது. கடைசி வாடிக்கையாளர் வெளியேறியதிலிருந்து பூட்டுப் போடும் வரை எத்தனை நிமிடம்? புதிதாக வாங்கப்போகும் ஒரு கடையில் நிறுவும் முன் மூன்று இரவு அளந்துகொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து இன்னும் மூன்று இரவு. முதல் வாரத்தில் அளக்காதீர்கள், அப்போது எல்லாரும் தடுமாறுவார்கள்.

மூலைக்கடை

நானும் ஒரு மென்பொருள் வாங்கினேன், நேரம் மிச்சமாகவே இல்லை. ஸ்கேன் செய்தால் எண் திரையில் வந்து நிற்கிறது, பொருள் பில்லில் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் கீபோர்டில் என்டர் தட்டுகிறேன். இதற்கு மென்பொருள்தான் காரணமா?

பழைய_நிறுவுநர்

கவுன்டர்_பையன் கேட்டது வேறு, பரவாயில்லை. நோட்பேடைத் திறந்து இரண்டு மூன்று பொருளை ஸ்கேன் செய்து பாருங்கள். எண்கள் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வந்தால் கோளாறு ஸ்கேனர் அமைப்பில். கணினிக்கு ஸ்கேனரும் ஒரு கீபோர்டு மாதிரிதான். எண்ணை அனுப்பிய பின் என்டரையும் அதுவே அனுப்ப வேண்டும். கூட வந்த தாளில் Enter அல்லது CR என்று போட்ட ஒரு பார்கோடு பெரும்பாலும் இருக்கும், பல ஸ்கேனர்களுக்கு அதை ஒருமுறை ஸ்கேன் செய்தால் போதும். நோட்பேடில் எண்கள் தனித்தனி வரியாக வந்தால் மட்டும் மென்பொருள்காரரைக் கூப்பிடுங்கள்.

கவுன்டர்_பையன் (ஐந்து வாரம் கழித்து)

அளந்துவிட்டேன். ஒரே ஒரு கடைதான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவும் முன் மூன்று இரவும் 55, 50, 70 நிமிடம். 70 ஆனது கல்லாவில் பணம் இடித்த நாள். நான்கு வாரம் கழித்து 15, 20, 25. அந்த 25-உம் பணம் இடித்ததுதான்: ஒருவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தார், பணத்தைக் கொடுத்துவிட்டு ரிட்டர்ன் பில் போட மறந்துவிட்டார்கள்.

ஆக 58-லிருந்து 20, ராத்திரிக்கு 38 நிமிடம் மிச்சம். சந்தோஷப்படுவதற்குள் கடைக்காரர் இன்னொன்றைக் காட்டினார். முன்பெல்லாம் சரக்கு வந்த பில்லை ஃபைலில் குத்தி வைப்பார், முடிந்தது. இப்போது பொருள் பொருளாக ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஸ்டாக் மைனஸில் போகிறது. அதற்கு நாளுக்கு 20 நிமிடம். கழித்தால் மிச்சம் 18. இரண்டு மணி நேரம் 18 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இதை எப்படி விளம்பரத்தில் போடுவது?

பழைய_நிறுவுநர்

எந்த நேரத்தில் சரக்கு பில் ஏற்றுகிறார்?

கவுன்டர்_பையன்

மதியம், ஆள் வராத நேரத்தில்.

பழைய_நிறுவுநர்

அப்படியானால் கழிக்காதீர்கள். கவுன்டரில் மிச்சமான விநாடிகள் சும்மா போகின்றன என்றேனே, அந்தச் சும்மா நேரத்தில்தான் இந்த 20 நிமிடம் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி 38 நிமிடம் முன்னால் பூட்டுகிறார், அது உண்மை. ஆனால் மதியம் 20 நிமிட வேலை புதிதாக வந்திருக்கிறது என்பதையும் பதிவில் சேர்த்துச் சொல்லுங்கள். மதியமும் ஓயாத கடை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே 18-தான்.

முதல் நாள் பொருள்களை மென்பொருளில் ஏற்றும் வேலையையும் மறைக்காதீர்கள். 1,400 பொருள் உள்ள கடையில் ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால்கூட 11 மணி 40 நிமிடம். அதிகம் ஓடும் 200 பொருளை மட்டும் ஏற்றித் தொடங்கினால் 1 மணி 40 நிமிடம். மீதியை விற்கும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் ஏறும் வரை ஸ்டாக் அறிக்கையை நம்பக்கூடாது.

வேகம்_முக்கியம்

விளம்பரத்தில் போய் "முதலில் 11 மணி நேரம் உழைக்க வேண்டும்" என்று யாராவது எழுதுவார்களா? டெமோவில் நேரில் சொல்லுங்கள். பதிவில் 38 மட்டும் போதும்.

மூலைக்கடை

அதை முன்னமே சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். சொல்லாமல் விட்டதால் மூன்று மாதம் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். எது மேல் என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்கேனர் சரியாகிவிட்டது, நன்றி.

கவுன்டர்_பையன்

இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஒரு கடையில் அளந்தோம். கடைசி வாடிக்கையாளர் போன பிறகு கணக்கு முடிக்க சராசரியாக 58 நிமிடம் ஆனது, இப்போது 20. பதிலுக்கு, சரக்கு பில் ஏற்ற மதியம் 20 நிமிடம் ஒதுக்குகிறார்கள். உங்கள் கடையிலும் நிறுவும் முன் மூன்று இரவு அளந்து தருகிறோம்."

முதல் நாள் பொருள் ஏற்றும் வேலையை இதில் சேர்ப்பதா என்று அலுவலகத்தில் இன்னும் சண்டை. இரண்டாவது கடையில் நேற்று முதல் இரவு அளந்தேன், 35 நிமிடம்தான் ஆனது. அங்கே கடன் நோட்டே கிடையாதாம்.

பழைய_நிறுவுநர்

அங்கே 38 மிச்சமாக வழியே இல்லை. அந்தக் கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.