இளநீருக்குள் கிருமி இல்லையாம், மூன்று நாள் வைக்கலாமாம்!

யாங்கூன் தங்கராசு: இளநீர் இயற்கை அடைத்துக் கொடுத்த சலைன். உள்ளே கிருமியே கிடையாது. வெட்டிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் மூன்று நாள் ஆனாலும் கெடாது.

மோல்மீன் செல்வி: முதல் பாதி சரி, அண்ணே. கீறல், வெடிப்பு இல்லாத நல்ல காயின் உள்ளே பொதுவாகக் கிருமி இருக்காது. அவசரத்தில் நரம்பில் ஏற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அரிவாள் பட்ட நொடியே கதை முடிந்தது. மட்டையில் ஒட்டிய மண், கத்தி, குழல், நம் கை எல்லாம் உள்ளே போகின்றன. நீரில் சர்க்கரை இருக்கிறது, கிருமியைத் தடுக்கும் அளவு புளிப்பு இல்லை. கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

தங்கராசு: நரம்பிலேயே ஏற்றினார்கள் என்று நீயே சொல்கிறாய். அப்புறம் மூன்று நாளில் என்ன வந்துவிடும்?

செல்வி: ஏற்றியது அப்போதே திறந்த காயை. மூன்று நாள் பாட்டிலில் கிடந்ததை இல்லை!

கோவில்வீட்டு மாணிக்கம்: எங்கள் கோவிலில் காலையில் வெட்டி, மாலை அபிஷேகத்துக்கு வைப்போம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

செல்வி: அபிஷேகம் சாமிக்கு, ஐயா. குடிப்பது நாம்.

மாணிக்கம்: சாமியை இழுக்காதே, அம்மா.

பெகு ரவி: எனக்கு நடந்தது. காலை ஏழு மணிக்கு வெட்டி ஊற்றினேன், கரண்ட் இல்லை. மதியம் இரண்டுக்கு மூடியைத் திறந்தால் 'புஸ்' என்றது. கலங்கலாக, புளிப்பாக இருந்தது, கீழே கொட்டினேன். ஆனால் நிறம் மாறவில்லையே? ரோஸ் ஆனால்தானே கெட்டது?

செல்வி: தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ரோஸ் நிறம் நீரில் இருக்கும் நொதி காற்றுப்பட்டுச் செய்யும் வேலை, அதுவே கெட்டதற்கு அடையாளம் இல்லை. நீங்கள் கண்ட நுரை, கலங்கல், புளிப்புதான் அடையாளம். வெளியில் சில மணி நேரம், குளிரில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. கரண்ட் போய்ப்போய் வந்தால் அந்தக் கணக்கும் இல்லை.

தங்கராசு: வெட்டாத காயானால் பல நாள் நிற்கும், அதையாவது ஒத்துக்கொள்.

செல்வி: மட்டை சீவி, குழல் குத்தத் தயாராக விற்கிறார்களே, அதுவுமா? 2021இல் டென்மார்க்கில் ஒருவர் அப்படிச் சீவிய காயைக் குளிரில் வைக்காமல் ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தார். குடித்தபோது சுவை சரியில்லை என்று உடனே நிறுத்திவிட்டார். அப்படியும் பூஞ்சை நஞ்சு மூளையைத் தாக்கி, இரண்டு நாளுக்குள் இறந்துபோனார். மட்டை போனால் கவசம் போனது.

தங்கராசு: அது டென்மார்க் காய். நம்மூர்க் காய் வேறு. போன வருடம் ஊறுகாய் விஷயத்திலும் இப்படித்தான் பயமுறுத்தினாய்.

செல்வி: டென்மார்க்கில் ஏது தென்னை, அண்ணே? அந்த ஊறுகாயில் பூஞ்சை பிடித்தது யாருடைய ஜாடியில்?

தங்கராசு: அது உப்புக் குறைவு! மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான்.

ரவி: சரி, நான் கொட்டியது வீணா இல்லையா?

மாணிக்கம்: கோவில் காயில் ஒன்றும் ஆனதில்லை.