மிதவை போட்டோவை மறுத்தது சரியா? ரெண்டு மேனேஜர், ஒரு கட்டம்

மண்டபம் களப்பணி:
எனக்கு மேலே ரெண்டு மேனேஜர். உற்பத்தி பார்ப்பவர் இந்த வாரத்துக்குள் 80 கடற்பாசி மிதவையையும் அறுத்து மறுவிதை கட்டச் சொல்கிறார். அறிக்கை பார்ப்பவர் அதே வாரம் மிதவை மிதவையாக, இடக்குறியோடு போட்டோ கேட்கிறார். பலனை ஒரு கோட்டில், உழைப்பை ஒரு கோட்டில் வைத்து பலன்–உழைப்புக் கட்டம் போட்டேன். போட்டோ வேலை 'உழைப்பு அதிகம், பலன் குறைவு' மூலையில் விழுந்தது. மறுத்துவிட்டேன். சரிதானே?

தொண்டிக்காரன்:
தப்பு தம்பி. போட்டோ எடுப்பது 5 நிமிஷ வேலை. அதைப் போய் 'உழைப்பு அதிகம்' என்று எழுதினால் கட்டம் எப்படிச் சரியாக வரும்? செய்யப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

பாம்பன் பழையவன்:
5 நிமிஷம் ஒரு மிதவைக்கு. 80 மிதவைக்கு 400 நிமிஷம், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். காற்று எழும்பினால் வள்ளம் ஆடும், போனில் இடக்குறி பிடிக்காது, அட்டையில் உள்ள நம்பர் தெரியாது. காலையில் மட்டும்தான் எடுக்க முடியும். அப்போ ரெண்டு காலை போச்சு. உழைப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியவன் தண்ணீரில் நிற்பவன். தொண்டியில் உட்கார்ந்திருப்பவர் இல்லை.

தொண்டிக்காரன்:
எங்கள் பாக் விரிகுடா பக்கம் கச்சான் காற்றில் கடல் குளம் மாதிரி கிடக்கும். 5 நிமிஷம் கூட ஆகாது.

பாம்பன் பழையவன்:
வாடைக் காற்றில் வந்து அந்தக் குளத்தைக் காட்டுங்கள்.

கீழக்கரை கணக்கர்:
ரெண்டு பேரும் உழைப்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பலன் கோட்டைப் பாருங்கள். போட்டோ போகாவிட்டால் அடுத்த தவணைப் பணம் வராது. பணம் வராவிட்டால் கயிறு ஏது? போட்டோதான் பெரிய பலன். அதை மறுக்கவே கூடாது.

பாம்பன் பழையவன்:
பாதி சரி. தம்பி பலனை உற்பத்தி மேனேஜரின் கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறார், நீங்கள் அறிக்கை மேனேஜரின் கண்ணால். அதனால்தான் ஒரே வேலை ரெண்டு மூலையில் விழுகிறது. ஒரே வேலைப் பட்டியலை வைத்து ரெண்டு கட்டம் போடணும். ஒன்றில் 'இந்த மாதம் எத்தனை கிலோ', இன்னொன்றில் 'தவணை வருமா'. ரெண்டிலும் பலன் குறைந்து உழைப்பு கூடியிருப்பதை நீங்களே மறுக்கலாம். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே நிற்பதை மறுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ரெண்டு பேரையும் ஒரே மெயிலில் வைத்துக் கேட்கணும்: "இந்த வாரம் ரெண்டு காலை போட்டோவுக்குப் போனால் இத்தனை மிதவை அறுவடை தள்ளும். எது முதலில்?"

தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் எழுதணும். விதை கட்டி 45 நாள் ஆன பாசி கனத்துத் தொங்கும், அலை தட்டினால் முறிந்து போகும். இந்த நாள் கணக்கு கட்டத்தில் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு வரி வேணும்.

ராமேஸ்வரம் வரவேற்பு:
எங்கள் லாட்ஜில் முதலாளி ஒன்று சொல்வார், மேனேஜர் வேறொன்று சொல்வார். கட்டம் கிட்டம் எல்லாம் காட்டினால் "படிச்ச திமிரா" என்று கேட்பார்கள். முதலாளி சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

பாம்பன் பழையவன்:
அக்கா, உங்களுக்கு முதலாளி மேலே, மேனேஜர் கீழே. தம்பிக்கு ரெண்டு பேரும் ஒரே படியில். அது வேற கதை.

மண்டபம் களப்பணி:
அறுவடைக்கு எப்படியும் வள்ளம் மிதவைக்குப் போகும். அவிழ்க்கும் முன்பு அங்கேயே போட்டோ எடுத்தால்? தனிப் பயணம் இல்லை, உழைப்பு ரொம்பக் குறையும். அப்போ மறுக்க வேண்டியது போட்டோவை இல்லை, தனிச் சுற்றைத்தானே?

கீழக்கரை கணக்கர்:
அறுவடை பாதியில் நின்றால் மீதி மிதவைக்கு போட்டோவும் இருக்காது. தேதி தாண்டினால் தவணையை மொத்தமாக நிறுத்துவார்கள், பாதி கொடுக்க மாட்டார்கள்.

பாம்பன் பழையவன்:
அந்தத் தேதியை அறிக்கை மேனேஜர் எழுத்தில் தரட்டும். வாயால் 'அவசரம்' என்று சொன்னதற்கெல்லாம் பலன் கோட்டில் உயரம் கிடையாது.

கீழக்கரை கணக்கர்:
எழுத்தில் கேட்டால் யார் தருவார்? நீங்கள் வேலையில் இருந்தது எந்தக் காலம்?

தொண்டிக்காரன்:
இப்பவும் சொல்கிறேன். 5 நிமிஷம்.

பாம்பன் பழையவன்:
400 நிமிஷம்.